தினம் ஒரு குறள்: தலைப்பை எப்படி வைப்பது? கேள்வி பதில்

தலவாக்கலை டீச்சர்: என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் தினம் ஒரு குறள் அனுப்பப் போகிறேன். ஆறு மாதம் போனாலும் தேடி எடுக்கிற மாதிரி தலைப்பு எப்படி எழுதுவது?

இப்படி எழுதுங்கள் டீச்சர்: "குறள் 391 - கற்க கசடற - கல்வி". எண், முதல் இரண்டு சொல், அதிகாரம், அவ்வளவுதான். தேடுகிறவருக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். பாடப் புத்தகத்தைப் பார்த்துத் தேடுகிற பிள்ளை எண்ணைத் தட்டும், மனப்பாடம் செய்த பிள்ளை முதல் சொல்லைத் தட்டும், பேச்சுப் போட்டிக்குத் தயாராகிற பிள்ளை "கல்வி" என்று தட்டும். தொடருக்குப் பெயர் வைத்திருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் போன் திரையில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு, பட்டியல் முழுக்க ஒரே பெயர்தான் தெரியும். மொத்தம் 1330 குறள், ஒரு நாளும் விடாமல் போட்டாலே மூன்றரை வருடத்துக்கு மேல் ஓடும், அதனால் நடுவில் அமைப்பை மாற்ற வேண்டாம்.

ஹட்டன் தம்பி: அண்ணே, தேதிதானே முக்கியம்? 14-03 என்று முன்னால் போட்டால் தானாக வரிசையாக வருமே. இல்லாவிட்டால் நாள் 1, நாள் 2 என்று போடலாம்.

வரிசை வேண்டும் என்பது சரி தம்பி, ஆனால் நாளை முன்னால் எழுதினால் அந்த வரிசை கிடைக்காது. பெயர்வரிசையில் 01-04 என்பது 14-03க்கு மேலே போய் உட்காரும், ஏப்ரல் முதலில், மார்ச் பிறகு. தேதி வேண்டும் என்றால் 2025-03-14 என்று வருடத்தை முன்னால் எழுது. ஆனால் "மார்ச் 14இல் வந்த குறள் எது" என்று தேடுகிறவர் எத்தனை பேர்? "நாள் 57" இன்னும் சிக்கல். அடை மழையில் கரண்ட் போய், சிக்னலும் இல்லாமல் இரண்டு நாள் விடுபட்டது என்று வை, அடுத்தது 58ஆ, 60ஆ? குறளுக்கு எண் ஏற்கெனவே இருக்கிறது, எத்தனை நாள் விடுபட்டாலும் அது மாறாது.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: 7 என்று எழுதாமல் 0007 என்று எழுதச் சொல்கிறார்கள். தேவையா?

படக் கோப்பின் பெயரில் தேவை. பூஜ்யம் இல்லாவிட்டால் சில இடங்களில் 1, 10, 100, 1000 என்று வந்து, அப்புறம்தான் 2 வரும். தலைப்பில் வேண்டாம் என்பேன், யாரும் 0007 என்று தட்டித் தேடுவதில்லை, தேடல் முழுச் சொல்லை மட்டும் பொருத்துகிற இடத்தில் 7 என்று தட்டினால் அது கிடைக்காது. கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியும் நிமிர்ந்த கோடும் போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது. சின்னக் கோடு போதும்.

பதுளை அக்கா: "செல்வத்துள் செல்வம்" என்று தேடினால் எதுவும் வரவில்லை. போன மாதம் நானே அனுப்பியது!

அது 411 தானே அக்கா? நீங்கள் எடுத்த பதிப்பில் "செல்வத்துட் செல்வஞ்" என்று சேர்த்து எழுதியிருப்பார்கள். நமக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு எழுத்து. குறளைப் பதிப்பில் உள்ளபடியே விடுங்கள், தலைப்பில் மட்டும் பிரித்து எழுதுங்கள். அது தவறு என்று சொல்கிற தமிழ் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு இன்னும் வாதம் முடியவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பாமினியில் தட்டினீர்களா? அந்தத் தலைப்பை போனில் வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். "குறள்" வர வேண்டிய இடத்தில் `Fws;` என்று வந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எவ்வளவு தேடினாலும் தமிழில் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். தலைப்பு படத்துக்குள் மட்டும் இருந்தாலும் அதையே நம்ப முடியாது, படத்துக்குக் கீழே ஒரு வரி தட்டிவிடுங்கள்.

மஸ்கெலியா தங்கச்சி: நான் போடுவது பைபிள் வசனம். எனக்கும் இதேதானா?

அதேதான், அதிகாரமும் வசன எண்ணும் கையில் இருக்கிறதே. ஆனால் நீங்கள் "சங்கீதம் 23" என்பதை கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை "திருப்பாடல் 23" என்று தேடும். இரண்டு சபையாரும் படிக்கிற குழு என்றால் இரண்டு பெயரையும் போடுங்கள், நீளம் பரவாயில்லை.

பண்டாரவளைக் கவிஞர்: பார்த்த உடனே திறக்கத் தோன்றுகிற தலைப்பு எப்படி எழுதுவது? என்னுடையது சொந்தக் கவிதை.

அது வேறு விஷயம் ஐயா, இங்கே பேசுவது திரும்பத் தேடி எடுப்பதைப் பற்றி. சொந்தக் கவிதைக்கு நூல் எண் கிடையாது, அதனால் நீங்களே 1இலிருந்து எண் கொடுத்து முதல் வரியைச் சேருங்கள். பிறகு கவிதையைத் திருத்தி முதல் வரி மாறிவிட்டால் பழைய எண்ணே இருக்கட்டும். தலைப்பையும் மாற்றுவதா என்று கேட்டால், பழைய வரியை மனதில் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.