டூர் கணக்கு: யார் யாருக்குத் தர வேண்டும்?

மறையூரில் நண்பன் வீட்டுக்கு வெல்லம் வாங்கினான், காசு நான் கொடுத்தேன். இதைப் பொதுச் செலவில் போடலாமா?
*வாசகர், வேலந்தாவளம்*

கூடாது. கீழே சொல்லும் அட்டவணையில் எழுதுங்கள், ஆனால் பங்கு அவன் ஒருவன் பெயரில் மட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாலு பேர் வண்டி பேசி மூணாறு போனோம். வண்டி வாடகை 6000 முருகன் கொடுத்தான், முதல் நாள் சாப்பாடு 2400 நான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்ததால் அன்று சாயங்காலமே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் ரூம் எடுத்தார்கள்: 4800, பஷீர் கொடுத்தது. மறுநாள் போட்டிங் 1200 ஜோசப். நடுவில் ஜோசப் முருகனுக்கு 1000 ஜிபே செய்தான். இப்போது மொத்தத்தை நாலால் வகுத்து, நான் 1200 தர வேண்டும் என்கிறார்கள்.
*செல்வன்*

நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். உங்களுக்குத்தான் 300 ரூபாய் வர வேண்டும்.

மொத்தத்தைத் தலைக்கணக்கில் வகுக்கும் இந்தப் பழக்கத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பாதியில் போனவர், போட்டில் ஏறாதவர், கறி சாப்பிடாதவர் என்று வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் அதில் ஏமாறுகிறார். ஒவ்வொரு செலவுக்கும் 'யாருக்காக' என்று தனியாகக் கேட்க வேண்டும். வண்டி நாலு பேருக்கும் போக வரப் பேசியது. நீங்கள் பஸ்ஸில் வந்தாலும் அதில் 1500 உங்கள் பங்கு. ரூமும் போட்டும் நீங்கள் கிளம்பிய பிறகு வந்த செலவு. அது மூன்று பேருக்குத்தான்.

செலவுகளைத் திரட்ட, வாட்ஸாப் குரூப் சாட்டில் `Export chat` கொடுத்து, படங்கள் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லைப் போட்டோவாக அனுப்பியிருந்தால் அந்த இடத்தில் `<Media omitted>` போன்ற குறிப்பு மட்டும் இருக்கும். சாட்டைத் திறந்து அந்தத் தொகையைப் பார்த்து எழுத வேண்டும். அப்புறம் ஷீட்டில் A-யில் செலவு, B-யில் கொடுத்தவர், C-யில் தொகை. D முதல் G வரை முதல் வரிசையில் நாலு பெயர்கள். பங்கு உள்ளவருக்கு 1, இல்லாதவருக்கு 0. செலவுகள் 2 முதல் 5 வரை உள்ள வரிசைகளில் வரும். H2-வில் ஆளுக்கு எவ்வளவு என்பது. அதை H5 வரை இழுங்கள். D7 முதல் D9 வரை கொடுத்தது, பங்கு, மீதி. அவற்றை G வரை இழுங்கள்.

```
H2: =C2/SUM($D2:$G2)
D7: =SUMIF($B$2:$B$5,D$1,$C$2:$C$5)
D8: =SUMPRODUCT(D2:D5,$H$2:$H$5)
D9: =D7-D8
```

உங்கள் கணக்கு இப்படி வரும்:

| பெயர் | கொடுத்தது | பங்கு | மீதி |
|---|---|---|---|
| முருகன் | 6000 | 4100 | +1900 |
| பஷீர் | 4800 | 4100 | +700 |
| செல்வன் | 2400 | 2100 | +300 |
| ஜோசப் | 1200 | 4100 | −2900 |

ஜோசப் அனுப்பிய 1000 செலவே இல்லை, கைமாறிய பணம். அதைச் செலவு வரிசையில் எழுதினால் மொத்தம் 14,400 என்பது 15,400 ஆகிவிடும். மீதியில்தான் சரிக்கட்ட வேண்டும்: ஜோசப்புக்கு −1900, முருகனுக்கு +900. ஆக, ஜோசப் முருகனுக்கு 900, பஷீருக்கு 700, உங்களுக்கு 300 அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது.

மீதிகளைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஆனால் பூஜ்யம் வந்தாலே எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். பஷீர் ராத்திரி 'ரூம் 4800' என்று எழுதி, காலையில் பில் போட்டோவும் போட்டிருந்தால், இரண்டையும் எழுதினாலும் பூஜ்யம்தான் வரும். கொடுத்தவரின் யுபிஐ பட்டியலோடு ஒவ்வொரு வரியையும் ஒத்துப் பாருங்கள்.

செலவு பிரிக்கும் ஆப் ஒன்றுக்கு வருஷச் சந்தா கேட்கிறது. கட்டலாமா?
*வாசகி, சித்தூர்*

வேண்டாம். மேலே உள்ள நாலு வரி போதும்.

லாட்ஜில் கட்டிய அட்வான்ஸ் 1000 ரூபாயைச் செலவில் சேர்ப்பதா?
*வாசகர், கோவிந்தாபுரம்*

கட்டியவர் கைக்கே திரும்ப வந்திருந்தால் எங்கேயும் எழுத வேண்டாம். வேறொருவர் வாங்கிப் பையில் போட்டிருந்தால், கட்டியவருக்கு அவர் 1000 தர வேண்டும். திரும்பவே வராவிட்டால் அது தங்கியவர்களின் செலவு. என்னிடம் ஒரு லாட்ஜ் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, காலி செய்யும்போது பெட்ஷீட்டில் கறை என்று சொல்லித் திருப்பித் தரவில்லை. ரசீதும் தரவில்லை. சாவி வாங்கும்போதே ரசீது கேளுங்கள், அதைப் போட்டோ எடுத்து உடனே குரூப்பில் போடுங்கள்.

டூரில் நான் நிறைய காசாகக் கொடுத்தேன். பில் வாங்கவில்லை, சாட்டிலும் எழுதவில்லை. மூவாயிரம் இருக்கும். எப்படிக் கேட்பது?
*வாசகர், வாளையார்*

'இருக்கும்' என்பதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எங்கே, எதற்கு, யார் கூட இருந்தபோது என்று நினைவு வருகிறதை மட்டும் எழுதுங்கள். கூட இருந்தவர் ஆமாம் என்று சொன்னால் அது கணக்கில் ஏறட்டும். மிச்சத்தைக் கேட்காதீர்கள்.