பொதுச்சுவர்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை விற்றுவிட்டோம். தை பிறந்ததும் இடிக்கப்போகிறார்கள். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அம்மா, பாசம், கண்ணீர் என்றே வருகிறது. படித்துப் பார்த்தால் யார் வீட்டுக்கும் பொருந்தும். எங்கள் வீடு மட்டும் அதில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பழைய கிரையப் பத்திரத்தின் நகல் இருந்தால் முதலில் அதை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் இருக்கும். எங்கள் வீடு மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. 2009ல் விற்றோம். தாத்தா வாங்கிய பத்திரத்தில் ‘கிழமேல் அடி 18, தென்வடல் அடி 61, மேல்புறச் சுவர் பொது’ என்று இருந்தது. என் நினைவில் அது பெரிய வீடு. பதினெட்டு அடி என்று படித்த பிறகுதான், யாராவது எதிரே வந்தால் அம்மா ஏன் நடையில் ஒருக்களித்து நின்று வழிவிடுவாள் என்பது புரிந்தது. அந்த ஒருக்களிப்பை எழுதினேன். பாசம் என்ற சொல் தேவைப்படவில்லை.

அடுத்து, கூடப் பிறந்தவர்களிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதில்தான் எனக்கு எல்லாம் கிடைத்தது. அண்ணன் மச்சுப்படியைப் பாதித் தாளுக்கு வரைந்திருந்தான். அவன் படித்ததும் அடி வாங்கியதும் அங்கேதான். அடுப்படிக்கு வாசல் வைக்கவே மறந்துவிட்டான். அக்காவின் தாளில் கிணற்றடிக்கும் விறகு அடுக்குக்கும் நடுவே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இது என்னக்கா என்றேன். “வீட்டுக்குத் தூரமான நாளில் நான் உட்கார்ந்த இடம்டா” என்றாள். பத்து வருடம் தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போயிருக்கிறேன். என் தாளில் அங்கே ஒன்றுமே இல்லை. மூன்று படங்களும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே எழுதத் தொடங்கலாம்.

இன்னொன்று. வீடு என்று பொதுவாக எழுதினால் நாற்பது வருடமும் ஒன்றாகக் குழம்பிவிடும். விறகடுப்பும் காஸ் அடுப்பும் ஒரே பத்தியில் எரியும். ஒரு வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது எந்த வருடம் என்று தெரியாவிட்டால் சுவரைக் கேட்கலாம். எங்கள் அடுப்படிச் சுவரைக் கத்தி முனையால் காசு அகலத்துக்குச் சுரண்டினேன். மேலே சந்தன நிற டிஸ்டம்பர். அதற்குக் கீழே பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு, ஏடு ஏடாக, நீலம் கலந்தது. அதற்கும் கீழே கரி. டிஸ்டம்பர் அடித்தது காஸ் வந்த வருடம், அக்கா கல்யாணத்துக்கு. நான் அதற்கு முந்தைய நீலத்தோடு நின்றுகொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் நடந்த எதையும் அந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

இடிக்கும்போது கூட இருக்க முடிந்தால் இருங்கள். எங்கள் சந்துக்குள் ஜேசிபி நுழையாது. கடப்பாறையும் சம்மட்டியும்தான், பதினெட்டு நாள் ஆனது. தேக்குக்கு விலை உண்டு என்பதால் கதவு, சன்னல், வாசக்காலை முதலில் பெயர்த்தார்கள். அப்புறம் மச்சைப் பிரித்து உத்திரங்களை இறக்கி சந்தில் அடுக்கினார்கள். ஒன்றின் விளிம்பில் விரல் அமிழ்கிற அளவுக்கு வழவழவென்று ஒரு பள்ளம். தொட்டில் கயிறு தேய்த்தது. நாங்கள் மூன்று பேரும், எங்களுக்கு முன் அப்பாவும் அத்தைகளும் அதில் ஆடியவர்கள். உத்திரம் மேலே இருந்த வரைக்கும் அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

கடைசியில் அந்த மேற்குச் சுவர் மட்டும் நின்றது. பொதுச்சுவர், தொடக் கூடாது. வெட்டவெளியில் அடுத்த வீட்டுக்காரர் சுவர் மேல் எங்கள் வீடு ஒட்டியிருந்தது. மச்சுப்படி ஏறிய சாய்கோடு, அடுப்பு இருந்த இடத்தில் மேலே போகப் போக அகலும் புகைக்கறை, இடுப்பு உயரத்தில் விளக்கு மாடக்குழி. அக்கா செங்கல் குவியல் மேல் ஏறிப் போய் மாடக்குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. ஒரு மாதம் கழித்துப் புது வீட்டுக்காரர் அதை ஒட்டித் தன் சுவரை எழுப்பிவிட்டார்.

உங்கள் பத்திரத்தில் ‘பொது’ என்று ஏதாவது சுவர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இடித்து முடிக்கும் அன்று சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் அங்கே போய்விடுங்கள்.

அன்புடன்.