அலறியவருக்கு ஏன் மஞ்சள்?

"பேரிடர் ஒத்திகையில், தொடை எலும்பு முறிந்து அலறியவருக்கு மஞ்சள் அட்டை, பேசாமல் சாய்ந்திருந்தவருக்குச் சிவப்பு. இது சரியா?"

சரிதான். யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயமடைந்தவர்களை வண்ண அட்டையால் பிரிக்கும் ஸ்டார்ட் முறையில் வலியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. சிவப்பு என்றால் உடனே சிகிச்சை, மஞ்சள் என்றால் சற்றுக் காத்திருக்கலாம். அலறுகிறார் என்றால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 24, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறது, "கையை இறுக்குங்கள்" என்றால் இறுக்குகிறார், நடக்க மட்டும் முடியவில்லை என்றால் மஞ்சள்தான்.

அமைதியானவருக்கு மூச்சு 34 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஐத் தாண்டினாலே சிவப்பு. செவிலியர் நாடி பார்க்கக்கூட நிற்க மாட்டார். மூச்சே இல்லாவிட்டால் மூச்சுப்பாதையைத் திறந்து பார்ப்பார்; வந்தால் சிவப்பு, வராவிட்டால் இறந்தவராகக் கருதிக் கறுப்பு. புதியவர்கள் கை நடுங்குவது இங்கேதான்.

ஆனால் அந்த மஞ்சள் அட்டையை நம்பி விட்டுவிடக் கூடாது. தொடை முறிவில் ஒரு லிட்டர் ரத்தம் உள்ளேயே கசியலாம். மறுசுற்றில் மணிக்கட்டு நாடி கிடைக்காவிட்டால் அவரும் சிவப்பு.