போனில் இடம் இல்லை: எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: அப்பாவின் 32 ஜிபி ஆண்ட்ராய்டு போனில் 400 எம்பி காலி என்று காட்டுகிறது. ஆனால் 90 எம்பி உள்ள பேங்க் ஆப்பை அப்டேட் செய்தால் இடம் போதாது என்கிறது. நிறைய வீடியோ அழித்தும் பயனில்லை. எதை அழித்தால் ஆபத்து இல்லை?

அந்த 400 எம்பி ஆப் போடுவதற்கான இடம் இல்லை. மொத்தக் கொள்ளளவில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அதற்குக் கீழே காலி இடம் போனால் ஆண்ட்ராய்டு போனை நிரம்பியதாகவே எடுத்துக்கொள்ளும். இதுதான் வழக்கமான அளவு; போன் தயாரிப்பவர்கள் இதை மாற்றியும் வைக்கலாம். உங்கள் அப்பாவின் போன் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. தவிர, புதிய பதிப்பு இறங்கி முழுதாக நிறுவப்படும் வரை பழையதும் உள்ளேயே இருக்கும். அதனால் 90 எம்பி அப்டேட்டுக்கு 90 எம்பி போதாது. ஒன்றரை, இரண்டு ஜிபி காலியாகும் வரை அழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழித்தும் எண் மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் குப்பைத் தொட்டிதான். என் அம்மாவின் போனில் இதே கதை நடந்தது. கல்யாண வீடியோக்கள் கிட்டத்தட்ட 3 ஜிபி அழித்தோம், காலி இடம் அசையவே இல்லை. எல்லாம் கேலரியின் `Trash` பகுதியில் அப்படியே உட்கார்ந்திருந்தன. கூகுள் போட்டோஸில் அழித்தவை, பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள், ஆகாதவை 30 நாள் தொட்டியில் இருக்கும். கேலரி, ஃபைல்ஸ் என்று ஒவ்வொரு ஆப்பிலும் தனித்தனித் தொட்டி இருக்கலாம், எல்லாவற்றையும் பாருங்கள். காலி செய்யும் முன் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ் தொட்டியைக் காலி செய்தால் பேக்கப்பில் இருந்ததும் சேர்ந்தே போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம் வாட்ஸ்அப். குடும்ப குரூப்புகளில் இருக்கும் பெரியவர்கள் போனில் இடம் போவது முக்கால்வாசி இங்கேதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் `Storage and data`, அதற்குள் `Manage storage` திறங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்ட் ஆனவை என்று அதுவே பிரித்துக் காட்டும். அம்மா போனில் பலமுறை ஃபார்வர்ட் ஆனவை மட்டுமே 2 ஜிபிக்கு மேல். காலை வணக்கப் படங்கள், யாரோ அனுப்பிய சமையல் வீடியோக்கள். இவற்றை அழிப்பதில் எந்தப் பயமும் இல்லை. ஆனால் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றை மொத்தமாகத் தேர்வு செய்து அழிக்காதீர்கள். பேரன் பிறந்த அன்று வந்த வீடியோவும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, அனுப்பிய கோப்புகளின் நகல். அப்பா கேலரியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினால் வாட்ஸ்அப் தனக்கென்று இன்னொரு நகல் வைத்துக்கொள்ளும். ஃபைல்ஸ் ஆப்பில் இந்த இடத்தில் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video/Sent
```

இதை அழித்தால் சாட்டில் அந்த வீடியோ திறக்காது. கேலரியில் மூலம் இருந்தால் நஷ்டம் இல்லை. முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே `Databases` என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அது உரையாடல்களின் பேக்கப், அதைத் தொடாதீர்கள்.

போட்டோக்களுக்கு கூகுள் போட்டோஸின் `Free up space` நல்ல வழி. பேக்கப் ஆனவற்றை மட்டும் போனிலிருந்து எடுக்கும். அழுத்துவதற்கு முன் பேக்கப் முடிந்ததா என்று பாருங்கள். இலவச 15 ஜிபி நிரம்பியிருந்தால் பேக்கப் மாதக்கணக்கில் நின்றுபோயிருக்கும். அதே ஆப்பில் ஒரு படத்தைத் தேர்ந்து நேரடியாக அழிப்பது வேறு. அது இரண்டு இடத்திலும் போகும்.

செட்டிங்ஸில் ஆப்பின் சேமிப்புப் பக்கத்தில் `Clear cache`, `Clear storage` என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சில போன்களில் இரண்டாவது `Clear data` என்று இருக்கும். முதலாவதால் ஆபத்து எதுவும் இல்லை. பயன்படுத்த ஆரம்பித்ததும் கேஷ் திரும்ப நிரம்பும், அதனால் அது தற்காலிகத் தீர்வுதான். இரண்டாவதை வாட்ஸ்அப்பிலோ பேங்க் ஆப்பிலோ அழுத்திவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேக்கப் இல்லாத உரையாடல் எல்லாம் போய்விடும், பேங்க் ஆப்பில் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டிவரும். அப்டேட் ஆகவில்லையே என்று பேங்க் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதே கதிதான், இடம் பற்றாமல் திரும்பப் போட முடியாமலும் மாட்டிக்கொள்வீர்கள்.

சிஸ்டம் என்று காட்டும் பல ஜிபியை விட்டுவிடுங்கள், அது குறையாது. தொட்டி, ஃபார்வர்ட், அனுப்பிய நகல் என்று இதே வரிசையில் போய், ஒவ்வொன்றுக்கும் பிறகு செட்டிங்ஸில் காலி இடத்தைப் பாருங்கள். அம்மா போனில் தொட்டியும் ஃபார்வர்டும் முடிந்தபோதே 5 ஜிபிக்கு மேல் வந்துவிட்டது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டு அப்டேட் கொடுத்தோம், உடனே ஏறியது.