கேட்டு வாங்கினால் அது அன்பில்லையா?

"காதல் கதை நிறையப் படிச்சா நிஜக் காதல் மேல நம்பிக்கை வருமா, இல்ல நடக்காத எதிர்பார்ப்புதான் வருமா? தங்கச்சி கோபியில இருக்கா, திருப்பூர்ல மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருக்கு. ராத்திரி பூரா போன்ல தொடர்கதைதான் படிக்கிறா. அம்மா பயப்படறாங்க."

இரண்டும் வரும். ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றி வராது. நம்பிக்கை கூடுவது "எந்தத் தடை வந்தாலும் சேர்ந்து சமாளிச்சுக்கலாம்" என்கிற எண்ணத்தில். அதனால் பெரிய கெடுதல் எதுவும் கிடையாது. எதிர்பார்ப்பு கோணலாவது இன்னொரு எண்ணத்தில்: "நான் சொல்லாமலே அவருக்குப் புரியணும்." அம்மா கவலைப்படுவதென்றால் இதற்கு மட்டும் கவலைப்படட்டும்.

இப்படிப் பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. சூசன் ஸ்ப்ரெச்சர், சாண்ட்ரா மெட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் காதல் நம்பிக்கைகளை அளக்க 15 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். அதில் நான்கு நம்பிக்கைகள் வருகின்றன: காதல் எப்படியும் வழி கண்டுபிடிக்கும், எனக்கென்று ஒருவர்தான், என்னவர் குறையே இல்லாதவர், கண்டதும் காதல். கேட்டால் எல்லாமே கதைப்பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் காதலிக்கும் ஜோடிகளிடம் பார்த்தபோது இந்த நம்பிக்கைகள் அன்போடும் திருப்தியோடும் சேர்ந்தேதான் இருந்தன. அதற்கு முன்னால், 1982-இல், ஐடெல்சனும் எப்ஸ்டீனும் உறவைக் கெடுக்கும் ஐந்து நம்பிக்கைகளை அளந்திருந்தார்கள். கருத்து வேறுபாடு வந்தாலே உறவுக்கு ஆபத்து என்பது அதில் ஒன்று. துணைவர் நம் மனதைச் சொல்லாமலே படிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இவை கூடக்கூட தம்பதியரின் ஒத்துப்போதல் குறைந்தது. ஆக, "காதல் நம்பிக்கை" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

கதைதான் இதற்கெல்லாம் காரணமா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கிறிஸ் செக்ரினும் ராபின் நபியும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், காதல் வகை நிகழ்ச்சிகளை அதிகம் பார்ப்பவர்களிடம் கல்யாணம் பற்றிய கனவு எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது. மொத்த டிவி நேரத்தை வைத்துப் பார்த்தால் நேர்மாறு, நிறையப் பார்ப்பவர்களிடம் அது குறைவாக இருந்தது. அப்படியென்றால் எவ்வளவு நேரம் என்பதைவிட எந்த வகை என்பதுதான் முக்கியம். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், பார்த்தது டிவி. கனவு அதிகம் உள்ளவர்களே அந்த வகையைத் தேடிப் போயிருக்கவும் கூடும்.

கதை எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்பதைக் கதைக்குள்ளேயே பார்க்கலாம். தொடர்கதைகளில் வாரம் ஒரு முறையாவது வரும் ஒரு காட்சியை, மாதிரிக்காக எழுதியிருக்கிறேன்:

"காலையிலிருந்து தலைவலி. அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வேலை டென்ஷனில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகம் வாடியிருப்பதை அவன் கண்டான். என்னமோ சரியில்லை என்று அவன் நெஞ்சு பதறியது. ஒன்றும் கேட்காமல் சுக்குக் காபி போட்டு வந்து நீட்டினான்."

ஆறு வாக்கியம். இதில் யாராவது வாய் திறந்து பேசியிருக்கிறார்களா? ஒரு வார்த்தை இல்லை. அவள் மனதை நமக்குச் சொன்னது கதை எழுதியவர், அவன் மனதைச் சொன்னதும் அவரே. இரண்டு பேர் மனதும் கேட்கிற ஒரே ஆள் வாசகர்தான். அதனால் அந்தச் சுக்குக் காபி நமக்கு அவ்வளவு இனிக்கிறது. இதையே இருநூறு அத்தியாயம் படித்தால், அன்பு என்றாலே கேட்காமல் வருவது என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதன் மறுபக்கமும் கூடவே பதிகிறது: கேட்டுக் கிடைத்தால் அது அன்பில் சேராது.

இதையே கல்யாணத்துக்குப் பிறகு ஒரு திருப்பூர் வீட்டில் வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஷிப்மென்ட். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும், இன்ஸ்பெக்‌ஷனில் நாலு பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வீடு வர ராத்திரி பத்தரை. பெண்ணுக்கு மத்தியானத்திலிருந்தே காய்ச்சல். சோறு போட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் அதை அப்படியே நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். "முகத்தைப் பார்த்தாத் தெரியாதா" என்று அவள் அழுகிறாள். காலையில் அவள் பேசாமல் இருப்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. காரணத்தை அவரும் ஊகிக்கிறார், அதுவும் தப்பாக: "எங்கம்மா ஏதாச்சும் சொல்லிட்டாங்களாட்ட இருக்குது." அடுத்து அவர் அம்மாவிடம் போய் விசாரிப்பார். மாமியாருக்கு வருத்தம் வரும். மூன்றாம் நாள் கோபிக்குப் போன் போகும். இத்தனைக்கும் அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, காய்ச்சல் என்ற ஒரு சொல்தான் வெளியே வரவில்லை.

தங்கச்சிக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அவள் எத்தனை கதை படிக்கிறாள் என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் அவள் வாயில் வருகிறதா என்று பாருங்கள்: "சொல்லிக் கேட்டு வாங்கினா அதுல என்ன இருக்குது?" மாப்பிள்ளை பிறந்தநாளுக்குப் போன் பண்ண மறந்தார், ஞாபகப்படுத்தியதும் பண்ணினார், அந்தப் போன் அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை என்றால் அதுவும் இதே அடையாளம்தான்.

படிக்காதே என்று தடுத்தால் போர்வைக்குள் படிப்பாள். அதைவிட, அவளுக்குப் பிடித்த அத்தியாயம் ஒன்றைக் காகிதத்தில் எடுத்து இரண்டு நிறப் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். வாய்விட்டுப் பேசினதெல்லாம் நீலம், மனதுக்குள் நினைத்ததெல்லாம் சிவப்பு. கால் மணி நேர வேலை. முடித்ததும் சிவப்பை எல்லாம் மறைத்துவிட்டு நீலத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அந்த அத்தியாயத்தின் நாயகனுக்கு நிஜத்தில் காதில் விழுந்திருப்பது அவ்வளவுதான். கதை மேல் உள்ள ஆசை இதனால் குறையாது. தான் எதைத் தெரிந்துகொண்டு ரசிக்கிறோம் என்பது மட்டும் புலப்படும்.

நம் பழைய அகப்பாட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அங்கே நடுவில் நின்று இரண்டு பேர் மனதையும் எடுத்துச் சொல்லும் கதைசொல்லி கிடையாது. ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவர் கூற்று: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது, செவிலி நற்றாய்க்குச் சொன்னது. ஐந்து திணையில் கூடல் குறிஞ்சிக்கு மட்டும்தான். மற்ற நான்கும் பிரிவு, காத்திருப்பு, இரங்கல், ஊடல். ஊடலைத் தீர்க்கவும் தோழியோ பாணனோ தூதாகப் போய்ப் பேசியாக வேண்டும், அதற்கு வாயில் என்றே பெயர்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த மாதங்கள் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. இப்போது இருவரும் போனில் பேசிக்கொண்டே இருப்பார்கள், அதனால் குறை தெரியாது. ஒரே வீட்டுக்கு வந்தபின்தான் பேச்சு குறையும். மாமனார் மாமியார் கூடத்தில் இருக்கும்போது மனசில் உள்ளதைச் சொல்லவும் கூச்சம். ஆகவே இப்போதே ஒன்றை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: கோபம் வந்தால் நான் எப்படி இருப்பேன், எவ்வளவு நேரம் கழித்து என்னிடம் கேட்கலாம். "கோபம் வந்தா எனக்குப் பேச வராதுங்க, ஒரு மணி நேரம் விட்டுட்டுக் கேளுங்க" என்று அவள் சொன்னால் போதும். அவரும் தன்னுடையதைச் சொல்லட்டும். எங்கே பேசுவது என்பதையும் முடிவு பண்ணிக்கொள்ளலாம். மொட்டை மாடியாக இருக்கலாம், பைக்கில் போகும் நேரமாக இருக்கலாம்.

கேட்கிற முறையும் ஒன்று உண்டு. என்ன நடக்கிறது, என்ன வேண்டும், எப்போது வேண்டும், மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும்: "மத்தியானத்திலிருந்து காய்ச்சலுங்க, காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க." இதில் "உங்களுக்கெல்லாம் எங்கே தெரியப்போகுது" என்று ஒரு வால் சேர்ந்தால் அவர் காதில் அந்த வால் மட்டும்தான் விழும். மாப்பிள்ளைக்கும் இதில் பங்கு இருக்கிறது. "என்னாச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "உடம்புக்கு முடியலையா, இல்ல வீட்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா கண்ணு?" என்று இரண்டைச் சொல்லிக் கேட்டால், ஒன்றையாவது பிடித்துக்கொண்டு பேச்சு தொடங்கும்.

கடைசியாக, தங்கச்சி படிப்பது ஆன்ட்டி ஹீரோ கதைகளா என்று விசாரியுங்கள். என் கவலை இங்கேதான் அதிகம். கட்டாயக் கல்யாணம், அதட்டல், சந்தேகம், அறை, கடைசியில் பார்த்தால் அவன் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தான் என்று வரும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பெரியவர்களும் இதற்கு ஒத்து ஊதுவார்கள். அவன் உருகுவது வாசகிக்குத் தெரிவது எழுதியவர் அவன் மனதைத் திறந்து காட்டுவதால். வீட்டில் அந்த அத்தியாயம் வராது, அங்கே அவன் செய்வதை வைத்துத்தான் அவனை எடைபோட வேண்டும். நிச்சயமான பிறகு மாப்பிள்ளை போன் பாஸ்வேர்டு கேட்கிறார், தோழியோடு பேசினால் திட்டுகிறார், பிறகு "உன்மேல உள்ள பாசத்துலதான்" என்கிறார் என்றால், தங்கச்சி அதைச் சந்தோஷமாகச் சொல்கிறாளா, பயத்தோடு சொல்கிறாளா என்று பாருங்கள். சந்தோஷமாகச் சொன்னால் அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசுங்கள். எப்படிச் சொன்னாலும் கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்க வீட்டில் தயங்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு மிரட்டலோ அடியோ நடந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை இப்போதே அவள் போனில் பதிந்து வையுங்கள்.