மூங்கில் மிதவையில் பாசி: 30 நாளில் அறுக்கலாமா?

"மூங்கில் மிதவை கட்டி கப்பாபைகஸ் கடல்பாசி போடப்போகிறோம். ஒரு மிதவைக்கு எவ்வளவு விதை வேண்டும்? 30 நாளிலேயே அறுத்துவிடலாமா?"

30 நாளில் அறுக்காதீர்கள். இளம் பாசியில், அதிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருளான கராஜீனன் சரியாகத் திரண்டிருக்காது, காய்ந்தால் எடையும் நிற்காது. 45 நாள் விடுங்கள்.

3 மீட்டர் சதுர மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசித் துண்டு என்றால் 60 கிலோ விதை. அது நான்கு மடங்கானால் 240 கிலோ. அதில் இளசான, கருத்த, முறுக்கான நுனிகளாகப் பார்த்து 60 கிலோவை அன்றைக்கே மறுபடி கட்டிவிடுங்கள். விதையை வெயிலில் காத்திருக்க வைக்கவே கூடாது. மீதி 180 கிலோ காய்ந்தால் சுமார் 18 கிலோ தேறும்.

மிதவைக்கு அடியில் வலை கட்டாயம். நுனிகள் கடித்ததுபோல் மொட்டையாக இருந்தால் மீன் மேய்கிறது என்று அர்த்தம். தண்டு நடுவில் வெளுத்து, தொட்டால் ஒடிந்தால் அது வேறு: தண்ணீர் சூடாகியிருக்கும், அல்லது மழைநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். வெளுத்ததை உடனே வெட்டியெறிந்துவிட்டு, நல்லதை நீரோட்டமுள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். அப்போது மட்டும் 45 நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆற்று முகத்துவாரம் பக்கமே போகாதீர்கள்.

இந்தப் பாசி உங்கள் கடலுக்கு வெளியிலிருந்து வருவதானால், பவளப்பாறை அருகே போடாதீர்கள். அறுந்த துண்டுகள் அங்கேயே படர்ந்து பவளத்தை மூடிவிடும்.