கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சும்மா இருக்கப் பழகிய கதை

கேள்வி: வேலை காரணமாகக் கைபேசியை அணைத்து வைக்க முடியாது. ஆனால், அது அருகில் இருந்தால் பத்து நிமிடம்கூடச் சும்மா உட்கார முடியவில்லை. சலிப்பைத் தாங்கப் பழகுவது எப்படி?

கோத்தகிரிக்கு அருகே ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில், இலையை வாட்டும் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறேன். பறித்து வந்த பச்சை இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றைச் செலுத்தி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட்டுவோம். அவ்வப்போது இலையைப் புரட்டிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்க்க வேண்டும். பதமாக வாடிய இலை உருண்டையாகத் திரண்டு மெல்லப் பிரியும், காம்பு ஒடியாமல் வளையும். மற்ற நேரமெல்லாம் விசிறியின் இரைச்சலும் குளிரும்தான். அந்த இடைவெளிகளைக் கைபேசியால் நிரப்பிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் குறும்படத் துணுக்குகளில் மூழ்கி ஒரு தொட்டி இலையைக் காம்பு ஒடியும் அளவுக்குக் காயவிட்டேன். அதன் பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

முதலில் கைபேசியை அலுவலக அறையில் வைத்துவிட்டு வந்தேன். அது எனக்கு உதவவில்லை. பொருள் இல்லாதபோது ஏக்கம் அடங்கியது. வீட்டுக்குப் போனதும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. பையில் கைபேசி இருக்கும்போது எடுக்காமல் இருப்பது வேறு திறமை, அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

எனக்குத் தடையாக இருந்தது சலிப்பு அல்ல, சலிப்பு முற்றிய கணத்தில் கைபேசியை எடுத்த பழக்கம். எடுக்கும்போதெல்லாம் சுவையான ஏதாவது கிடைப்பதில்லை. பத்துமுறை பார்த்தால் ஒருமுறை கிடைக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்துவைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளிடம் செய்த சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆகவே எட்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டு ஒன்பதாம் நிமிடம் எடுத்தால், பொறுமையையா வளர்க்கிறோம்? இன்னும் சற்று அதிகமாக நச்சரித்தால் பலன் கிடைக்கும் என்று அந்த ஏக்கத்துக்கே கற்றுக்கொடுக்கிறோம்.

அதனால் அமைதியை முடித்துவைப்பது ஏக்கமாக இருக்கக் கூடாது, கடிகாரமாக இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். சுவர்க்கடிகாரத்தில் பெரிய முள் ஒரு எண்ணைத் தொடும்வரை, அதாவது முதல் வாரம் ஐந்து நிமிடம் மட்டும், கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கும். முள் தொட்டதும் ஆசை இல்லாவிட்டாலும் எடுத்துப் பார்ப்பேன். மேலாளர், மனைவி இருவரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும். மற்ற அறிவிப்புகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும். ஆசை எழும்போதெல்லாம் இலைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். அடுத்த வாரம் எட்டு நிமிடம், பிறகு பன்னிரண்டு என்று நீட்டினேன்.

முதல் இரவில் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு கோடுகள் விழுந்தன. நான்காம் இரவில் பதினொன்று! தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால், பரிசு நின்றுபோன பழக்கம் மறைவதற்கு முன் சிறிது நேரம் கூடுதலாகத் துள்ளுவது இயல்பே, அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. இரண்டாம் வாரம் நான்கைந்து கோடுகளாகக் குறைந்தது. அப்போது இன்னொன்றையும் கவனித்தேன்: ஆசை எழுந்த உடனே கட்டை விரல் பை பக்கம் நகரும், நெஞ்சு லேசாக இறுகும், அசையாமல் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் அது தானாகத் தளரும். தளர்வதை ஒருமுறை கண்ணெதிரே பார்த்தவனுக்கு அடுத்த முறை அவ்வளவு பயம் இருப்பதில்லை.

இதில் நான் செய்த தவறு, கடிகாரத்தையே ஓயாமல் பார்த்ததுதான். அதுவும் கைபேசியைப் பார்ப்பது போன்ற தப்பித்தலே. கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தொட்டியில் கைவைத்து இலையின் குளிர்ச்சியைக் கவனித்தேன். மழை நாளில் ஈர இலை வெகுநேரம் சில்லென்றே இருப்பது அப்போதுதான் கையில் பதிந்தது.

உங்களால் முடியவில்லையே என்று குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 2014இல் வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரைப் பதினைந்து நிமிடம் வெறும் அறையில் தனியே உட்காரவைத்தபோது, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொழுதுபோகாமல், அருகிலிருந்த பொத்தானை அழுத்தித் தமக்குத்தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். ஆனால், அமைதியாக இருக்கும்போது சலிப்புக்குப் பதிலாகத் துக்கமோ பதற்றமோ அழுத்துகிறது என்றால், இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்; அது வேறு விஷயம்.

தொழிற்சாலையில் இப்போது முக்கால் மணி நேரம்வரை இருக்க முடிகிறது. வீட்டில், அதுவும் மின்சாரம் இல்லாத மழை மாலைகளில், இன்னும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. அங்கே மீண்டும் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.